உதவி கேட்காதீர்கள், பொறுப்பைக் கொடுங்கள்

"எனக்கு மூணு பிள்ளைங்க, மூத்ததுக்கு நாப்பது வயசு." புருஷனைப் பற்றி இப்படிச் சொல்லிச் சிரிக்கும் பெண்களை ஹட்டன் பஸ்ஸில் அடிக்கடி பார்க்கலாம். எனக்கு இந்த ஜோக் பிடிப்பதில்லை. சிரித்து முடித்ததும் சுமை அவள் தலையில்தான் இருக்கிறது.

என் சினேகிதி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். குடி கிடையாது, பிள்ளைகளோடு விளையாடுவார், சொன்னதைச் செய்வார். ஆனால் எதை, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. மலையில் கூடையோடு நிற்கும்போதுகூட, "மகனுக்கு நாளைக்கு கலர் பேப்பர் வேணும், மறந்துறாதீங்க" என்று கோல் எடுப்பாள். கடைக்குப் போவதா பெரிய வேலை? அதை ஞாபகம் வைத்திருப்பதுதான் ஆளைத் தின்கிறது.

அவருக்கு ஞாபக மறதி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆட்டோவின் லீசிங் தவணையை அவர் ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. அதை நினைவூட்ட வீட்டில் யாரும் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் மகனின் பள்ளிக்கூட விஷயத்தை முழுசாக அவரிடம் கொடுக்கச் சொன்னேன். மருந்து, தடுப்பூசி போன்றவற்றில் தொடங்கக்கூடாது. தவறினால் பிள்ளைக்கு ஆபத்து வராத வேலையாக இருக்க வேண்டும். எதெல்லாம் அவர் பொறுப்பு என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொண்டார்கள்: தேவையான சாமான் முதல் நாளே வாங்குவது, பெற்றோர் கூட்டத்துக்குப் போவது, கொப்பிகளைப் பார்ப்பது.

ஆனாலும் சரிவரவில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருந்தது அவளுடைய நம்பர். டீச்சரின் செய்தி அவளுக்கு வரும், அவள் அவருக்குச் சொல்வாள், மறுபடி பழைய கதை. பிறகு அவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டு அவள் குழுவிலிருந்து விலகினாள். தகவல் யாருக்கு வருகிறதோ, பொறுப்பும் அவரிடம்தான் போய் நிற்கும்.

ஒருநாள் பையன் கலர் பேப்பர் இல்லாமலே போய்விட்டான். டீச்சர் அவருக்கே கோல் எடுத்துக் கேட்டார். சினேகிதி வாயைத் திறக்கவில்லை. "விடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்று அவள் அன்றைக்குச் சொல்லியிருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். கொப்பிக்கு அவர் உறை போட்ட விதத்தையும் அவள் குறை சொல்லவில்லை. (எனக்கே அது கஷ்டம்!) "ஆம்பளைய இப்படி அலைய விடுறியே" என்று மாமியார் கேட்டதற்கு, "உங்க மகன்கிட்டயே கேளுங்க மாமி" என்றாள். இப்போது டீச்சர் கேட்கும் முன்பே சாமான் வீட்டுக்கு வந்துவிடுகிறது.

சம்பளத்தைக் குடித்துத் தீர்க்கிற, கை நீட்டுகிற ஆளிடம் இந்த வழி செல்லாது. அங்கே பிரச்சினை வேறு. அதற்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

அடுத்து லைட் பில்லையும் அவரிடம் கொடுக்கலாமா என்று கேட்டாள். கொடு, பில் எஸ்எம்எஸ் வருகிற நம்பரை முதலில் மாற்று என்றேன்.