நமுத்துப்போன தேன்குழலும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்

காரைக்குடியில் அம்மா தொடங்கிய பலகார வேலையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் கல்லூரியில் உளவியல் பாடம் எடுத்தேன். வெட்கம், குற்ற உணர்வு, பிறர் வலியை உணர்தல் என்று மாணவர்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்தவள், என் அடுப்படியிலேயே அத்தனையையும் மறந்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன ஆனி மாதம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். சீர்ப் பலகாரத்துக்குப் பன்னிரண்டு டின் தேன்குழல் கேட்டிருந்தார்கள். எண்ணெயில் சலசலப்பு அடங்கியதும் தேன்குழலை எடுத்து மூங்கில் தட்டில் பரப்பி, புறங்கையால் தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிட்டுத்தான் டின்னில் அடைக்க வேண்டும். உள்ளே கொஞ்சம் சூடு மிச்சமிருந்தாலும் ஆவி வெளியேற வழியில்லாமல் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரத்தைத் தேன்குழலே குடித்துக்கொள்ளும். மறுநாள் திறந்தால் நமுத்துப்போயிருக்கும். அன்றைக்கு இரண்டு டின் அப்படிப் போனது. கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் முன்னால் திறந்திருக்கிறார்கள். போனில் அவர்கள் பேசியதைக் கேட்டுவிட்டு நேரே அடுப்படிக்குப் போனேன்.

அடைத்தது எங்களிடம் பதினாறு வருஷமாக வேலை செய்யும் ஒரு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்ற ஆறு பேரும் கேட்க, "உங்களுக்கெல்லாம் எத்தனை வருஷமானாலும் புத்தி வராதுக்கா. உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றேன். அன்றைக்கு அரை நாள் கூலியையும் பிடித்தேன். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்தவரிடம், "இந்த டின் மூடியே சரியில்லை, காத்துப் போகுது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. தப்பைச் செய்துவிட்டு மூடியைச் சொல்கிறாரே என்று எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

அந்த மூடிப் பேச்சுக்கு என் பழைய பாடத்தில் ஒரு இடம் இருக்கிறது. வெட்கமும் குற்ற உணர்வும் ஒன்றல்ல என்று 1971-இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கினார். 'நான் இதைச் செய்துவிட்டேனே' என்று மனம் செயலைப் பிடித்துக்கொண்டால் அது குற்ற உணர்வு. 'நான் இப்படிப்பட்டவளா' என்று ஆளையே பிடித்துக்கொண்டால் அது வெட்கம். செயலைச் சரிசெய்ய முடியும் என்பதால் குற்ற உணர்வு உள்ளவர் எழுந்து போய் எதையாவது செய்யப் பார்க்கிறார். தன்னையே முழுசாகச் சரிசெய்வது யாராலும் உடனே ஆகிற காரியமில்லை. அதனால் வெட்கப்பட்டவர் ஒளிந்துகொள்கிறார், இல்லையென்றால் பழியை வேறெதன் மேலாவது இறக்கி வைக்கிறார். நம் பேச்சிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. 'மனசு உறுத்துது' என்பது ஒன்று, 'தலைகுனிவாப் போச்சு' என்பது வேறு. உறுத்தல் உள்ளே இருப்பது. தலைகுனிவுக்கு எதிரே நாலு பேர் வேண்டும்.

இதையே அளந்து பார்க்க ஜூன் டாங்னி என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறார்கள். அன்றாட நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி, அந்த இடத்தில் உங்களுக்கு எப்படித் தோன்றும் என்று கேட்கும். அதில் ஒன்று இது: வேலை செய்யும் இடத்தில் ஒரு பொருளை உடைத்துவிட்டு மறைத்து வைத்துவிடுகிறீர்கள். இதை நானே சரிசெய்ய வேண்டும், இல்லை யாரையாவது விட்டுச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றினால் அது குற்ற உணர்வின் பக்கம். வேலையை விட்டே போய்விடலாமா என்று தோன்றினால் வெட்கத்தின் பக்கம். இப்போதெல்லாம் பொருள்களை ஒழுங்காகச் செய்வதே இல்லை என்று தோன்றினால் அது பழியை வெளியே தள்ளுவது. டின் மூடி சரியில்லை என்று அந்த அக்கா சொன்னது இந்த மூன்றாவதுதான். அதை அவருடைய குணம் என்று நினைத்துவிட்டேன். ஆளையே குறை சொன்னால் யார் வாயிலிருந்தும் வரக்கூடிய பேச்சு அது.

அப்புறம் அடுப்படி அமைதியானது. யாரும் எதையும் என்னிடம் சொல்ல வரவில்லை, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நம்பினேன். ஆவணியில் கோகுலாஷ்டமிக்கு உப்புச் சீடை போட்டோம். சீடைக்கு மாவை நைஸாகச் சலிக்க வேண்டும். கட்டியோ குருணையோ உள்ளே இருந்தால், எண்ணெயில் போட்டதும் ஆவி வெளியேற முடியாமல் சீடை பட்டென்று வெடிக்கும். அன்றைக்கு மூன்றாவது ஈடு வெடித்து, எண்ணெய் தெறித்து, அடுப்பில் நின்ற சின்னப் பெண்ணின் முன்கையில் நாலைந்து இடத்தில் கொப்புளம். விசாரித்தால், சல்லடை கிழிந்திருந்தது காலையிலேயே இரண்டு பேருக்குத் தெரியும். சொல்லியிருந்தால் பக்கத்துக் கடையில் வேறு சல்லடை வாங்க பத்து நிமிஷம் ஆகியிருக்காது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "சொன்னா எங்களைத்தானக்கா பேசுவீங்க" என்றார்.

அந்தக் கொப்புளத்துக்குக் காரணம் கிழிந்த சல்லடை மட்டும் இல்லை. ஆனியில் நான் பேசிய பேச்சும்தான்.

நம் ஊரில் இதற்கு ஒரு மறுப்பு வரும். 'வெட்கம் மானம் இல்லாவிட்டால் ஒழுக்கம் எப்படி இருக்கும்? நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயத்தில்தானே எத்தனையோ பேர் நேராக நடக்கிறார்கள்?' இதைத் தள்ளிவிட மாட்டேன். வட்டிக்கடையும் பேரேடும் வாக்கை நம்பியே கடல் தாண்டிப் போன ஊர் இது. பெயர் கெட்டுவிடுமே என்ற கூச்சம் பலரைக் காத்திருக்கிறது. ஆனால் செய்வதற்கு முன்னால் கையைப் பிடிக்கும் கூச்சம் வேறு, செய்து முடித்த பிறகு ஊர் கூடித் தலையில் கொட்டும் அவமானம் வேறு. குறளில் நாணுடைமை அதிகாரமே "கருமத்தால் நாணுதல் நாணு" என்றுதான் தொடங்குகிறது. செயலைக் குறித்து நாணுவதுதான் நாண். வள்ளுவர் கையை வைக்கிற இடம் கருமம், ஆள் இல்லை.

ஆராய்ச்சியும் வெட்கத்தை ஒரேயடியாகக் கெட்டது என்று சொல்லவில்லை. டாங்னி குழுவினர் அமெரிக்காவில் ஒரு சிறையில் இருந்த 476 பேரிடம் இவற்றை அளந்து, விடுதலையான பிறகு முதல் வருஷம் என்ன ஆனது என்று பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். குற்ற உணர்வு எளிதில் வருகிறவர்கள் மறுபடி குற்றத்துக்குப் போவது குறைவாக இருந்தது. வெட்கத்துக்கு இரண்டு முகம் தெரிந்தது. பழியை அடுத்தவர் மேல் தள்ளும் வழியாகப் போன வெட்கம் மறுபடி குற்றத்தில் கொண்டுபோய் விட்டது. அப்படித் தள்ளாமல் நின்ற வெட்கம் தடுத்தது. அடுப்படியில் நான் உண்டாக்கியது முதல் வகை. நாலு பேர் முன்னால் ஆளைக் குறை சொன்னால் பெரும்பாலும் அதுதான் வரும்.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? பிள்ளைகளை வளர்ப்பதைப் பற்றி மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் எழுதியது எனக்கு இங்கே உதவியது. அடிப்பதையும் முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் விட, செய்த காரியத்தால் யாருக்கு என்ன ஆனது என்று காட்டுவதுதான் மனசாட்சியை வளர்க்கும் என்பது அவர் வாதம். அடுத்தவர் வலி தெரிந்து, அதற்குக் காரணம் நான் என்பதும் தெரிந்தால், இரண்டும் சேர்ந்து குற்ற உணர்வாகிறது. அந்த அக்காவைத் தனியே கூப்பிட்டு, "இந்த ரெண்டு டின் ஆறாம அடைச்சிருக்குக்கா. பொண்ணோட அம்மா சம்பந்தி முன்னால திறந்து கையைப் பிசைஞ்சு நின்னிருக்காங்க" என்று சொல்லியிருந்தால் போதும். அவரும் மகளைக் கட்டிக்கொடுத்தவர். மிச்சத்தை அவரே யோசித்திருப்பார்.

சீடை வெடித்த மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கேட்கத்தான் முதலில் நினைத்தேன், எனக்கு அது எளிது. பேசியது ஏழு பேர் முன்னால் என்பதால், அதே ஏழு பேர் முன்னால், அதே நேரத்தில், அடுப்பு பற்றவைப்பதற்கு முன் கேட்டேன். "புத்தி வராதுன்னு சொன்னேன். அது தப்பு. அரை நாள் கூலியைப் பிடிச்சதும் தப்பு" என்று சொல்லிப் பணத்தைக் கையில் கொடுத்தேன். 'ஆனா நீங்களும்' என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் நானும் டின் மூடியைத்தான் குறை சொல்லியிருப்பேன். அவர் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, "விடு ஆத்தா, வேலையைப் பாப்போம்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவை எழுதியிருக்க மாட்டேன். எனக்கு உறுத்தல் அடங்கவில்லை. தீபாவளிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. எடை போடும் வேலைக்குக் கூலி அதிகம், அடுப்பின் சூடும் இல்லை. மூன்று வருஷமாக இன்னொரு பெண் அதைச் செய்துவந்தார். அதை எடுத்து அந்த அக்காவுக்குக் கொடுத்தேன். கொடுத்த அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இலோனா டி ஹூகே என்ற ஆய்வாளரும் மற்றவர்களும் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இதைத்தான் காட்டின. குற்ற உணர்வில் இருப்பவர்கள் தாங்கள் தீங்கு செய்தவருக்கு அதிகமாகக் கொடுக்கிறார்கள். அந்த அதிகம் பெரும்பாலும் அவர்கள் கையிலிருந்து போவதில்லை, அங்கே இருக்கும் மூன்றாவது ஆளின் பங்கிலிருந்து போகிறது. மனசில் ஒரு முகம் மட்டும் பெரிதாக நிற்பதால் மற்ற முகங்கள் மங்கிவிடுகின்றன. இந்தக் கட்டுரையை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அடுப்படியில் ஞாபகம் வரவில்லை.

இந்த உணர்வு வழிதவறுகிறதா என்று இப்போது இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கிறேன். கொடுப்பது யார் பையிலிருந்து? கொடுத்த பிறகு நிம்மதி யாருக்கு, அவருக்கா எனக்கா? தீபாவளியில் இரண்டுக்கும் பதில் தப்பாகத்தான் இருந்தது.

தை மாதம் வேலையைப் பழையபடி மாற்றினேன். இடையில் குறைந்த கூலியைக் கணக்குப் போட்டு, என் பங்கிலிருந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சல்லடை கிழிந்தால், எண்ணெய் புகைந்தால் இப்போது எல்லோரும் வந்து சொல்கிறார்கள், அந்தப் பெண்ணும் சொல்கிறார். முன்பெல்லாம் சாயங்காலம் கிளம்பும்போது என் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வீட்டுக் கதை பேசுவார். அது இன்னும் திரும்பவில்லை. போன வாரம் காரணம் கேட்டேன். "ஒண்ணுமில்லக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று பையை எடுத்துக்கொண்டு போனார்.