பூவன் தாரின் அடக்கவிலை

"ஒரு வாழைத்தாருக்கு விவசாயிக்கு உண்மையில் எவ்வளவு அடக்கம் ஆகிறது?"

திருவையாறு பக்கம் ஒரு ஏக்கரில் 7 அடி இடைவெளியில் 900 பூவன் கன்றுகள் வைத்த எங்கள் கணக்கைத் தருகிறேன். கன்றுக்கு 9,000, எருவுக்கும் உரத்துக்கும் 36,000, குழி வெட்டுவது முதல் தார் வெட்டுவது வரை கூலி 54,000 ரூபாய் ஆயின. மரங்களுக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கழிகள் 40,500 ரூபாய். அவை மூன்று பருவம் உழைப்பதால் இந்தப் பருவத்தின் பங்கு 13,500 மட்டுமே. மண்ணில் ஊன்றிய அடிமுனை ஒரு சாண் அளவு கறுத்து, நகத்தால் அழுத்தினால் பொடிகிறது. அதை அறுத்துவிட்டு ஊன்றுவதால் கழி ஆண்டுக்கு ஆண்டு குட்டையாகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மொத்தம் 1,12,500 ரூபாய். இதை 900 மரங்களால் வகுத்து 125 என்று சொல்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். காற்றில் ஒடிந்தவையும் வாடல் நோயில் போனவையும் நீங்க, எங்களுக்கு விற்பனைக்குத் தேறியவை 750 தார்களே. ஆகவே தாருக்கு 150 ரூபாய். ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் வெட்டிய தாருக்கு மட்டுமே உண்டு என்பதால் அந்த 12 ரூபாயைக் கடைசியில் சேர்த்தால் 162 ஆகிறது. நிலம் குத்தகை என்றால், அந்தத் தொகையையும் 750-ஆல்தான் வகுக்க வேண்டும்.