ஸ்கிரீனிங் கால் வருகிறது, அதற்குப் பிறகு சத்தமே இல்லை: ரெக்ரூட்டரிடம் என்ன கேட்பது?

சிங்கப்பூரில் வேலை தேடுபவரை மூன்று நான்கு ரெக்ரூட்டர்கள் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். "கிளையண்டுக்கு அனுப்பிவிட்டுச் சொல்கிறேன்" என்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றுமே வருவதில்லை. உடனே பலர் ரெஸ்யூமேயை அடியோடு மாற்றி எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அது அவசரம் என்பது என் உறுதியான கருத்து. கூப்பிட்டுப் பேசினார்கள் என்றாலே ரெஸ்யூமே முதல் சல்லடையைத் தாண்டிவிட்டது. எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ளாமல் திருத்தினால், நன்றாக இருந்த வரிகளும் போய்விடும்.

முதலில் ரெஸ்யூமேக்குச் சம்பந்தமில்லாத காரணங்களை ஒதுக்குங்கள். அந்தப் பத்து நிமிடப் பேச்சில் சம்பள எதிர்பார்ப்பு, நோட்டீஸ் காலம், பாஸ் நிலை மூன்றையும் கேட்டிருப்பார்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் தேவைப்படுபவருக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித் துறையில் 6,200. வயது கூடக்கூட இதுவும் கூடும். வேலைக்கு ஒதுக்கிய தொகை 5,000 வெள்ளிதான் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. எந்த ரெஸ்யூமேயும் அதை மாற்றாது. அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "சம்பளமோ பாஸோ தடையாக இருந்ததா?" ஆம், இல்லை என்று சொன்னால் போதும் என்பதால் பெரும்பாலும் பதில் வரும்.

இல்லை என்றால்தான் ரெஸ்யூமே பொருத்தத்துக்கு வர வேண்டும். அப்போதும் "என் ரெஸ்யூமே எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். "நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள், அதோடு முடிந்தது.

ஓர் உதாரணம். ஒருவர் ஆறு ஆண்டுகளாகப் பெரிய நிறுவனத்தில் அக்கவுண்ட்ஸ் பேயபிள் பார்க்கிறார். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் சிறிய வர்த்தக நிறுவனத்தில் பேங்க் ரீகன்சிலியேஷன், மாதக் கணக்கு முடிப்பு, காலாண்டு ஜிஎஸ்டி எஃப்5 தாக்கல் எல்லாம் தனியாகச் செய்தவர். இப்போது 'ஃபுல் செட்' அக்கவுண்ட்ஸ், அதாவது முழுக் கணக்கையும் ஒருவரே பார்க்கும் அனுபவம், கேட்கும் சிறு நிறுவன வேலைகளுக்கு விண்ணப்பிக்கிறார். ரெக்ரூட்டர்கள் கூப்பிடுகிறார்கள், பிறகு அமைதி. அவர் அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்:

"போன செவ்வாய்க்கிழமை அக்கவுண்ட்ஸ் எக்சிகியூட்டிவ் வேலை பற்றிப் பேசினோம். அந்த வேலைக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்திருந்தால் பரவாயில்லை. விளம்பரத்தில் கேட்ட ஃபுல் செட், ஜிஎஸ்டி, ஆடிட் மூன்றில் எது என் ரெஸ்யூமேயில் தெளிவாகத் தெரியவில்லை? ஒரு வரி போதும். ஐந்து நிமிடம் பேச முடிந்தாலும் சரி."

"ஃபுல் செட் அனுபவம் தெரியவில்லை" என்று பதில் வந்தால் கோளாறு எங்கே என்று புரிந்துவிடும். அனுபவம் இருக்கிறது, ஆனால் இரண்டாம் பக்கத்தின் அடியில் 'கணக்குப் பணிகளில் உதவி' என்று ஒரே வரியில் கிடக்கிறது. அதை முதல் பக்கச் சுருக்கத்துக்குக் கொண்டுவந்து, எத்தனை காலாண்டு ஜிஎஸ்டி தாக்கல் செய்தார், ட்ரையல் பேலன்ஸ் வரை தானே முடித்தாரா என்று எழுத வேண்டும். தொலைபேசியிலும் அதையே சொல்ல வேண்டும். செய்த வேலையை 'உதவி' என்று அடக்கமாகச் சொல்வது நம்மவர்களிடம் நிறைய உண்டு. ரெக்ரூட்டர் அதை அப்படியே குறித்துக்கொள்வார்.

பேசி ஐந்து வேலை நாள் கழித்துக் கேளுங்கள். அதற்கு முன் கேட்டால் கிளையண்டிடமிருந்தே பதில் வந்திருக்காது. ஒரு மாதம் கழிந்தால் அவருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது. ஏஜென்சி ரெக்ரூட்டருக்கு, ஆள் வேலையில் சேர்ந்த பிறகுதான் பெரும்பாலும் முதலாளியிடமிருந்து கட்டணம் கிடைக்கும். முடிந்துபோன வேலைக்கு நீண்ட பதில் எழுத அவருக்கு நேரமில்லை, அதனால்தான் ஒரு வரிக் கேள்வி. நிறுவனத்தின் சொந்த எச்ஆர் ஆள் என்றால் எழுத்தில் கருத்துச் சொல்லத் தயங்குவார், பாகுபாட்டுப் புகார் வருமோ என்ற பயம். "என் வயதுதான் காரணமா?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அப்படி உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அதற்கு, வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் டஃபெப் அமைப்பு இருக்கிறது. இந்தக் கேள்வியோடு அதைக் கலக்காதீர்கள்.

ஒருவர் சொன்னதற்காக உடனே மாற்ற வேண்டாம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே குறையைச் சொன்னால் மாற்றுங்கள். இருவர் நேர்மாறாகச் சொன்னால், நீங்கள் இரண்டு வகை வேலைக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்புகிறீர்களா என்று பாருங்கள்.

திருத்தியதும் அதே ரெக்ரூட்டருக்கு அனுப்பி, "உங்கள் சிஸ்டத்தில் இருக்கும் பழைய பிரதிக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கு ஆள் தேடும்போது அவர் திரையில் வருவது பழைய ரெஸ்யூமேதான்.