கணக்கு எழுதுறதால பாசம் கொறையாது

"ஃபிரண்ட்ஸுக்குள்ள என்னப்பா கணக்கு"ன்னு சொல்ற ஆளோட வீடு எடுத்துத் தங்காதீங்க. இத நான் ரொம்ப யோசிச்சுத்தான் சொல்றேன். கொச்சி காக்கநாட்டுல நாங்க நாலு பொண்ணுங்க ஒரே வீட்ல இருக்கோம், நான் செங்கோட்டை, ஒருத்தி கம்பம், ஒரு அக்கா மார்த்தாண்டம், கடைசி கொழிஞ்சாம்பாறை. நாலு பேருமே பார்டர் ஊரு, தமிழும் மலையாளமும் கலந்து பேசித்தான் வளந்தோம், ஆனா அது ஒன்னு மட்டும் போதாது. வர்ற சம்பளம் வேற, சாப்பாடு வேற, டியூட்டி நேரம் வேற. நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ், கம்பத்துக்காரி சாஃப்ட்வேர் டெஸ்டிங், மார்த்தாண்டத்து அக்கா நர்ஸ், கொழிஞ்சாம்பாறை துணிக்கடைல சேல்ஸ். கம்பத்துக்காரி சம்பளத்துல பாதி கூட துணிக்கடைல வராது.

வீடு கேட்டு அலைஞ்சப்ப பாதி பேரு "ஃபேமிலிக்கு மட்டும்தான்"னு சொல்லிட்டாங்க. கெடைச்ச வீட்டுக்கு வாடகை 20,000, அட்வான்ஸ் 60,000. ஓனர், எங்கள்ல ஒருத்தி பேர்ல மட்டும் அக்ரிமெண்ட் போடலாம்னு தான் சொன்னாரு, அக்கா ஒத்துக்கல. பேரு இருக்கிறவ நாளைக்கு வேலை மாறிப் போயிட்டா மத்த மூணு பேருக்கும் அந்த வீட்ல எந்தப் பிடிமானமும் இல்ல, அட்வான்ஸும் அவ கைக்குத்தான் போகும். அதனால பதினோரு மாச அக்ரிமெண்ட்ல நாலு பேரும் கையெழுத்து போட்டோம். ஒரு வருசத்துக்கு மேல போனா ரிஜிஸ்டர் பண்ணணும்ங்கறதால தான் எல்லாரும் பதினோரு மாசம்னு போடுறாங்க.

வாடகைய நாலா வகுக்கல. பெட்ரூம் ரெண்டுல ஒன்னு பெருசு, பாத்ரூம் அட்டாச்டு. அதுல இருக்கிற ரெண்டு பேரும் ஆளுக்கு 5,500, சின்ன ரூம்ல இருக்கிறவங்க ஆளுக்கு 4,500. அட்வான்ஸுல ஆளுக்கு 15,000 வருது, கொழிஞ்சாம்பாறை கைல 5,000 தான் இருந்துச்சு, மிச்சம் பத்தாயிரத்த அக்கா போட்டா. போட்டுட்டு "பரவால்ல மக்கா, முடியும்போது குடு"ன்னு சொல்லல, மாசம் ஆயிரம்னு நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாங்க. எனக்கு அன்னிக்கு இது கொஞ்சம் கடுசா பட்டுச்சு. ஆனா அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் எங்க கூட சரிக்கு சரியா உக்காந்து சண்டை போட்டா, ஃபேன் ஸ்பீடுல இருந்து டிவி சத்தம் வரைக்கும். கடன எழுதி வச்சதால தான் அவளுக்கு அந்த தைரியம். "முடியும்போது குடு"ன்னு விட்டிருந்தா அவ ஒவ்வொரு நாளும் அக்கா மொகத்தப் பாத்து பயந்துகிட்டே இருந்திருப்பா, நெறைய வீடுகள்ல நான் பாத்திருக்கேன் இத.

சாப்பாடு தான் பெரிய பஞ்சாயத்து. அக்காவுக்கு செவப்பரிசி வேணும், அது வேக நேரமாகும், கேஸ் அதிகம் போகும், கஞ்சி வடிக்கணும். கம்பத்துக்காரிக்கு பொன்னி இல்லாம எறங்காது. ஒருத்தி மதியம் கடைல சாப்பிடுவா, ஒருத்தி நைட் டியூட்டில ஆஸ்பத்திரி கேன்டீன். சமமா வகுத்தா கம்மியா சாப்பிடுறவ, அதாவது கம்மியா சம்பாதிக்கிறவ, மத்தவளுக்கு சோறு போடுற மாதிரி ஆயிரும். அதனால ஹாஸ்டல்ல இருக்கிற டிவைடிங் சிஸ்டம் கொண்டு வந்தோம். யாரு எந்த வேளை சாப்பிட்டாங்களோ ஃப்ரிட்ஜ் மேல இருக்கிற காலண்டர்ல ஒரு கோடு. ஒரு மாசம் அரிசி, காய், மீன், கேஸ், தண்ணி கேன் எல்லாம் சேத்து 9,600 ஆச்சு, மொத்தம் 240 வேளை, அப்ப ஒரு வேளைக்கு 40 ரூவா. கொழிஞ்சாம்பாறை 45 வேளை, 1,800 குடுத்தா. அக்கா 50 வேளைக்கு 2,000, நான் 70க்கு 2,800, கம்பத்துக்காரி 75க்கு 3,000. யாருக்கும் மனசுல ஒன்னும் தங்கல. செவப்பரிசிக்கு ஆகுற கூடுதல் கேஸ மட்டும் யாரும் பேசுறதில்ல, ஏன்னா அக்கா வைக்கிற மீன்குழம்ப எல்லாரும் தான் வழிச்சு சாப்பிடுறோம்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வரேன். காக்கநாட்டுல தண்ணிக் கஷ்டம், டேங்கர் வர்ற நாள்ல எல்லா வாளிலயும் புடிச்சு பால்கனில வச்சிருப்போம். டெங்கு கொசு சாக்கடைய தேடிப் போகாது, இந்த மாதிரி நல்ல தண்ணில தான் முட்டை போடும். மழை தொடங்கின சமயம், கொழிஞ்சாம்பாறைக்கு காய்ச்சல், கண்ணுக்குப் பின்னாடி வலி, உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி. அவ பையில இருந்த ப்ரூஃபென் மாத்திரைய அக்கா முதல் காரியமா வாங்கி வச்சுட்டா. டெங்குவா இருக்கலாம்னா பாராசிட்டமால் மட்டும்தான், ப்ரூஃபென், ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவ கூட்டிரும்னு சொன்னா. ரத்தம் டெஸ்ட் பண்ணி டெங்குன்னு உறுதியாச்சு.

அஞ்சாவது நாள் காய்ச்சல் எறங்கிருச்சு. இவ குளிச்சு தலை சீவி "நான் கடைக்குப் போறனுங்க்கா, லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க"ன்னு நிக்கிறா. டியூட்டி முடிஞ்சு அப்பத்தான் வந்த அக்கா செருப்பு கூட கழட்டல, "காலைல இருந்து எத்தனை தடவை ஒன்னுக்குப் போன மக்கா?"ன்னு கேட்டா. ஒரு தடவை கூட இல்ல. வயித்துல வலி இருக்கான்னு அழுத்திப் பாத்தா, இருக்கு, ரெண்டு தடவை வாந்தியும் எடுத்திருக்கா, எங்ககிட்ட சொல்லல. டெங்குல காய்ச்சல் விடுற நேரம் தான் ஆபத்தே, ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிஞ்சு பிரஷர் எறங்கும், பாக்க சரியான மாதிரியே இருக்கும். வயித்துவலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், ஒன்னுக்கு கொறையிறது, சோந்து போறது, இதுல எது இருந்தாலும் ஒடனே அட்மிட் பண்ணணும்.

அட்மிசன்ல பைஸ்டாண்டர் யாருன்னு கேட்டாங்க, இங்க ஆஸ்பத்திரில கூட ஒரு ஆள் இருந்தே ஆகணும். கம்பத்துக்காரி ஃபார்ம வாங்கி தன் பேர எழுதி உறவுங்கற எடத்துல அக்கான்னு போட்டா. அவ லேப்டாப்போட பகல் முழுக்க வார்டுல, ராத்திரி நான், டியூட்டி முடிச்சு வர்ற வழில அக்கா. கொழிஞ்சாம்பாறையோட அம்மா மாடு கண்ண பக்கத்து வீட்ல ஒப்படைச்சுட்டு பாலக்காடு வந்து பஸ் மாறி மறுநாள் தான் வர முடிஞ்சுது. வந்து எங்களப் பாத்துட்டு "சாப்பிட்டீங்களா கண்ணு"ன்னு தான் முதல்ல கேட்டாங்க.

பில்லு பயம் வேற அவளுக்கு. நான் அவ பே ஸ்லிப்ப முன்னாடியே பாத்திருக்கேன், அதுல ஈஎஸ்ஐக்கு 0.75 சதவீதம் புடிக்கிறாங்க, நம்பரும் இருக்கு. மாசம் 21,000க்குள்ள சம்பளம் இருக்கிறவங்களுக்கு உள்ள மருத்துவ இன்சூரன்ஸ் திட்டம் அது. கடைல அவளுக்கு யாரும் சொல்லல, என்னமோ புடிக்கிறாங்கன்னு தான் நெனச்சிருக்கா. அதனால தான் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போனோம், பில்லு இல்ல. டாக்டர் சர்டிஃபிகேட் வச்சு லீவு நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம் கெடைக்க அப்ளை பண்ணவும் செஞ்சோம். துணிக்கடைல வேலை பாக்குற பிள்ளைங்க ஒங்க வீட்ல இருந்தா அந்த ஸ்லிப்ப ஒரு தடவை வாங்கிப் பாருங்க, இத கையெடுத்து கேக்குறேன்.

அந்த மாசம் அக்கா "இந்த மாச ஆயிரம் வேண்டாம் மக்கா, அடுத்த மாசம் பாப்போம்"னா. அவ கேக்கல, ஐநூறு எடுத்து வச்சா. அக்காவும் வாங்கிக்கிட்டு நோட்டுல ஐநூறுன்னு எழுதினா. மறுபேச்சு இல்லாம வாங்கினா பாருங்க, அதுக்காகவே எனக்கு அக்காவ ரொம்பப் புடிக்கும்.

இப்ப அக்காவுக்கு ஓமன்ல வேலை கெடைச்சிருக்கு. அவ பங்கு அட்வான்ஸ் 15,000த்த புதுசா வர்ற பொண்ணு நேரா அக்கா கைல குடுத்துருவா, ஓனர் புது அக்ரிமெண்ட்ல பேரு மாத்த ஒத்துக்கிட்டாரு. கொழிஞ்சாம்பாறை கடன் எப்பவோ தீந்துருச்சு. வர்றவ கூடலூர்க்காரி, அவளுக்கும் செவப்பரிசி வேண்டாமாம். ஆனா மீன்குழம்ப விட முடியாதே, அக்கா கெளம்புறதுக்கு முன்னாடி கம்பத்துக்காரி அந்த மீன்குழம்ப கத்துக்கிட்டு இருக்கா, புளிய எப்ப ஊத்தணும்ங்கறதுல தான் இன்னும் தகராறு.