மணப்பெண் அலங்காரத் தொழிலுக்குத் தனிக் கணக்குத் திறக்க வியாபாரப் பதிவு கட்டாயமா?

"வியாபாரப் பதிவு இல்லாமல் தனி வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, எல்லாப் பணமும் ஒரே கணக்கில்தான் கிடக்க வேண்டும்."

தவறு. தொழிற்பெயரில் கணக்கு வேண்டுமென்றால்தான் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அடையாள அட்டையுடன் உங்கள் பெயரிலேயே இரண்டாவது சேமிப்புக் கணக்குத் திறந்து, அலங்காரத் தொழிலின் பணத்தை அதில் மட்டும் வாங்கலாம்.

வெள்ளவத்தையில் ஒரு மணப்பெண் அலங்காரத்துக்கு 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முற்பணம் 15,000 வந்த அன்றே உங்களுக்கென்று சேலை வாங்கிவிடாதீர்கள் (நான் வாங்கினேன்). கல்யாணம் தள்ளிப்போனால் திருப்பிக் கொடுக்க நேரலாம். வேலை முடிந்தபின், உதவியாளர், முச்சக்கரவண்டி, பூ, ஒப்பனைப் பொருள் என 17,000 போக மிச்சம் 28,000. அதில் 20,000 ரூபாயை வீட்டுக் கணக்குக்கு மாற்றினால் கொப்பியில் 'எடுப்பனவு', அதாவது சொந்தத் தேவைக்கு எடுத்த பணம், என்று எழுதுங்கள். செலவு என்று எழுதினால் இலாபம் வெறும் 8,000 என்று தோன்றும். அடுத்த மணப்பெண்ணிடம் விலையையும் பிழையாகச் சொல்வீர்கள்.