பாணும் பிரெட்டும்

“ஆளுக்கொரு பேச்சு பேசுறடா நீ. எது உன் நிஜப் பேச்சு?” என்று போன மாதம் நண்பன் ஒருவன் கேட்டான். அரைமணி நேரம் எங்கள் பேக்கரியில் உட்கார்ந்து, நான் வியாபாரம் செய்வதைப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி. கோயம்புத்தூர்க்காரரிடம் ஒரு மாதிரி, பள்ளி ஆசிரியரிடம் ஒரு மாதிரி, தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் வேறு மாதிரி பேசுகிறேனாம். அதற்கு அவன் வைத்த பெயர் வேஷம். அந்தச் சொல் எனக்கு வலித்தது. மொழியியல் படித்துவிட்டுக் கோத்தகிரியில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்பவன் நான். அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பேச்சு ஏன் மாறுகிறது என்பதற்கு முதலில் சொல்லப்பட்ட விளக்கம் கவனம். தன் பேச்சைத் தானே கவனிக்கும்போது திருத்தமாகப் பேசுகிறோம், கவனம் தளர்ந்தால் வீட்டுப் பேச்சு வந்துவிடுகிறது என்றார் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். 1984-இல் நியூசிலாந்தின் ஆலன் பெல் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது வெலிங்டன் நகர வானொலிச் செய்தி வாசிப்பு (நம்ம குன்னூர் வெலிங்டன் இல்லை, அந்த ஊர் வெலிங்டன்). அங்கே ஒரே வாசிப்பாளர்கள் இரண்டு நிலையங்களுக்குச் செய்தி வாசித்தார்கள். ஒன்று படித்த, வசதியான நேயர்கள் கேட்பது, மற்றது சாதாரண மக்கள் கேட்பது. ஆங்கிலத்தில் ‘பெட்டர்’ போன்ற சொற்களின் நடுவில் வரும் ஒலியை ‘பெட்டர்’ என்று அழுத்திச் சொல்கிறார்களா, ‘பெடர்’ என்று மென்மையாக்குகிறார்களா என்று அவர் எண்ணினார். முதல் நிலையத்தில் அழுத்தம் கூடியது, இரண்டாவதில் மென்மை கூடியது. அதே ஆள், அதே ஸ்டுடியோ, அதே மாதிரிச் செய்தி. கவனமும் இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் இரண்டுமே தாளைப் பார்த்து வாசிப்பது. மாறியது கேட்பவர் மட்டும்தான்.

இதைப் படித்த நாளிலிருந்து என் வாயை நானே கவனிக்க ஆசை. சட்டையில் சின்ன மைக் ஒன்றைக் குத்திக்கொண்டு, கடையில் நான் பேசுவதைச் சில நாள் பதிவு செய்தேன். எண்ணுவதற்கு எடுத்துக்கொண்டது ‘ழ’. பேக்கரியில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஏழு, எழுபது என்று விலையில் வரும். ‘பழசு இல்லீங்க, இன்னிக்குப் போட்டது’ என்று சரக்கில் வரும். மழை எங்கள் ஊரில் தினசரிப் பேச்சு. ‘கீழ பஸ் ஸ்டாண்டுல’ என்று வழி சொல்லவும் வேண்டியிருக்கும்.

எண்ணுவதில் ஒரு கண்ணி உண்டு. வாடிக்கையாளர் ‘எளுவதா?’ என்று கேட்ட அடுத்த நொடியில் நானும் ‘எளுவது’ என்றால், அது அவர் சொல்லை அப்படியே திருப்பிச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நானாக முதலில் சொன்ன இடங்களை மட்டும்தான் குறித்தேன்.

எங்கள் வீட்டில் ‘ழ’ கிடையாது. மளை, பளம்தான். தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து இங்கே தோட்ட வேலைக்கு வந்தவர். நோட்டில் பார்த்தால், தோட்டத்து ஆட்களிடம் நான் சொன்னது பெரும்பாலும் ‘ள’. ஆசிரியரிடமும் பேங்க் ஊழியரிடமும் பெரும்பாலும் ‘ழ’. இரண்டு பக்கமும் கலப்பு உண்டு, எங்கேயும் முழுசாக ஒன்றே வரவில்லை. சில்லறை எண்ணும்போதும் வர்க்கி எடை போடும்போதும் என் கவனம் தராசில்தான் இருக்கும், நாக்கில் இருக்காது. அப்போதும் மாறியது. நண்பனுக்கு என் முதல் பதில் இதுதான். வேஷம் என்றால் போடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது.

தெரிந்தே செய்தால் என்ன ஆகும் என்பதையும் பட்டு அறிந்திருக்கிறேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்களிடம் ‘எழுபது ரூபாய்ங்க’, ‘சரிங்க’ என்று ‘ங்க’ கூடி வரும். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஒருநாள் உற்சாகத்தில், “ஏனுங்க, மழை நின்னுடுச்சுங்களா?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டுவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது. “கிண்டலுங்களா தம்பி?” என்றார். ‘ங்க’ எல்லா ஊரிலும் உள்ள மரியாதை. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் காதில் உறுத்தாது. ‘ஏனுங்க’ அப்படி இல்லை. அந்த வட்டாரத்துக்கே அடையாளமாக எல்லாரும் சொல்லிச் சிரிக்கிற சொல் அது. வெளியாள் வாயில் வந்தால் கேலியாகத்தான் கேட்கும். எல்லாருக்கும் தெரிந்துபோன இப்படிப்பட்ட சொல்லையும், யாரும் பேசிக்கொள்ளாமல் கூடிக் குறைகிற ஒலியையும் லபோவ் தனித்தனியாக வகைப்படுத்தியிருக்கிறார். அன்றைக்குத்தான் அந்தப் பிரிவு எனக்கு உறைத்தது.

பெல் சொன்னதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. கேட்பவர் என்றால் நாம் யாரிடம் பேசுகிறோமோ அவர் மட்டும் இல்லை. பக்கத்தில் நின்று, பேச்சில் சேர்ந்தவராக நாம் மதிக்கிற ஆள் ஒருவர் உண்டு. தற்செயலாகக் காதில் வாங்குகிறவர் அவருக்கும் அப்பால். தள்ளிப் போகப் போகப் பேச்சின் மேல் அவர்கள் செல்வாக்குக் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.

எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் பக்கமிருந்து ஒரு அப்பாயி சனிக்கிழமை தோறும் வரும். கடையில் யாரும் இல்லையென்றால், “ஒரு ராத்தல் பாண் குடு தம்பி” என்று கேட்கும். பிரெட்டுக்கு இலங்கையில் பாண் என்று பெயர், ஒரு பவுண்டு எடைக்கு ராத்தல். இங்கே வந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தச் சொற்கள் அதன் நாக்கில் இருக்கின்றன. நானும், “ஒரு ராத்தலா, அரை ராத்தலா அப்பாயி?” என்பேன். எங்கள் தாத்தா பேசிய பேச்சு அது.

ஒரு சனிக்கிழமை பக்கத்தில் ஓர் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். அப்பாயி வழக்கம்போலவே பாண் கேட்டது. நான், “பெரிய பிரெட்டாம்மா?” என்றேன். நான் பேசியது அப்பாயியிடம், என் சொல் போனது அந்த அதிகாரியின் காதுக்கு. பாண் பிரெட்டானது, அப்பாயி அம்மாவானது. அப்பாயி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டியது, அவ்வளவுதான். ராத்திரி பதிவைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பேச்சு மாறுவது இயல்புதான், அதற்காக வெட்கப்பட மாட்டேன். ஆனால் எதிரில் நிற்கிறவரைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவருக்காகப் பேசியதை இயல்பு என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. நண்பன் கேட்க வேண்டிய கேள்வி, எது உன் நிஜப் பேச்சு என்பதில்லை. யாருக்காக மாற்றினாய் என்பதுதான்.

அடுத்த சனிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். அப்பாயி வந்ததும் நானே எல்லாருக்கும் கேட்கும்படி, “ஒரு ராத்தல் பாணா அப்பாயி?” என்றேன். அது ஒருமுறை சுற்றிலும் பார்த்தது. பிறகு மெதுவாக, “பிரெட்டே குடு தம்பி” என்றது.