ஒரு நாள் காலை வாட்ச் சிவப்பு காட்டினால் உடம்பு கெட்டுப்போய்விட்டதா?

போன ஞாயிறு நம் ஓட்டக் குழுவில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் பேசாமல் இருந்தேன். ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே இன்னும் "நல்ல முடிவு சிஸ்டர்" என்று வந்துகொண்டே இருக்கிறது. நான் சொன்னதற்கு மட்டும் "பொறுப்பில்லாத அறிவுரை" என்று பெயர். சரி, நான் சொன்னதை முழுதாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்காகப் பயிற்சி எடுத்த பெண், முதல் அரை மாரத்தான். அதிகாலை மூன்றரைக்கு எழுந்தாள், வாட்ச்சைப் பார்த்தாள், உடம்பு எவ்வளவு தேறியிருக்கிறது என்று அது தரும் ரெகவரி ஸ்கோர் சிவப்பு. இதயத் துடிப்புகளின் இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எச்.ஆர்.வி. 29. பயந்துபோய் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போட்டாள். "உடம்பு சொல்வதைக் கேளுங்கள்", "ரிஸ்க் வேண்டாம்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நான் ஒருத்திதான் "காய்ச்சல் இல்லை, நெஞ்சில் ஒன்றும் இல்லை என்றால் போ, முதல் ஐந்து கிலோமீட்டர் மெதுவாக ஓடு" என்றேன். அவள் போகவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு காலை எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு ராத்திரியைப் பற்றிய எண்.

எச்.ஆர்.வி. என்றால் என்ன என்று பார்த்தால் இது புரியும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக ஒரு செகண்டுக்கு ஒரு முறை இதயம் துடிக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு இடைவெளி 0.96 செகண்ட், அடுத்தது 1.03 என்று மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். இதைச் செய்வது பெரும்பாலும் வேகஸ் நரம்பு. உடம்பு நிம்மதியாக இருக்கும்போது அந்த நரம்பின் பிடி நன்றாக இருக்கும், இந்த ஏற்ற இறக்கமும் பெரிதாக இருக்கும். அழுத்தம் வந்தால் பிடி தளரும், ஏற்ற இறக்கம் சுருங்கும். அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டுத்தான் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. என்ற எண்ணை மில்லிசெகண்டில் தருகிறார்கள்.

இதில் முக்கியமானது, அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று அந்த நரம்பு எழுதி வைப்பதில்லை. அதிகமாக ஓடினாலும் எண் இறங்கும். ராத்திரி லேட்டாக, வயிறு முட்டச் சாப்பிட்டாலும் இறங்கும். மது குடித்தாலும், புழுக்கத்தில் தூங்கினாலும், நாளைக்கு என்ன ஆகுமோ என்று படபடப்போடு படுத்தாலும் இறங்கும். போட்டிக்கு முந்தின ராத்திரி யாருக்கு நிம்மதியான தூக்கம் வந்திருக்கிறது? அவள் ஒன்பதரைக்குச் சாப்பிட்டிருக்கிறாள், பதினொன்று வரை புரண்டிருக்கிறாள், மூன்றரைக்கு எழுந்துவிட்டாள். வாட்ச் ராத்திரி முழுக்கச் சராசரி எடுக்கிறது. சாப்பாடு செரிக்கும் முதல் சில மணி நேரம் துடிப்பு ஏறியே இருக்கும். எண் மேலே ஏறுவது பெரும்பாலும் விடியற்காலைத் தூக்கத்தில். அவள் அதைத் தூங்கவே இல்லை. அப்புறம் ரெகவரி ஸ்கோர் என்பது எச்.ஆர்.வி. மட்டும் இல்லை. தூங்கிய நேரமும் ஓய்வுநிலைத் துடிப்பும் அதற்குள் கலந்திருக்கின்றன. குறைந்த தூக்கம் எச்.ஆர்.வி.யையும் இறக்கி, ஸ்கோரைத் தனியாகவும் இறக்கியிருக்கிறது. ஒரே காரணத்துக்கு அவளுக்கு இரண்டு முறை மதிப்பெண் போயிருக்கிறது.

இப்போது அவளுடைய எண்களையே எடுத்துக்கொள்வோம், அவள் சம்மதத்தோடுதான் போடுகிறேன். இரண்டு மாதமாக அவளுக்கு வழக்கமான எல்லை 40 முதல் 52 வரை. போட்டிக்கு முந்தின ஆறு ராத்திரிகள்: 46, 44, 48, 43, 47, 45. சராசரி 45.5. ஏழாவது ராத்திரி 29. ஏழையும் கூட்டி வகுத்துப் பாருங்கள், 43 வருகிறது. அவளுடைய வழக்கமான எல்லைக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஓய்வுநிலைத் துடிப்பு 57லிருந்து 61. தொண்டை வலி இல்லை, உடம்பு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. பயிற்சியைக் குறைத்து நன்றாகத் தயாராகியிருந்த ஒருத்தி ஒரு ராத்திரி பதற்றத்தில் சரியாகத் தூங்கவில்லை. இந்த எண்கள் சொல்வது இவ்வளவுதான்.

இன்னொரு வாரத்தை யோசித்துப் பாருங்கள். 45, 43, 40, 39, 37, 36, 35. எந்தக் காலையும் பெரிய அதிர்ச்சி இல்லை. ஒவ்வொரு நாளும் "கொஞ்சம் குறைவு, பரவாயில்லை" என்றுதான் தோன்றும். ஆனால் சராசரி 39, எல்லைக்குக் கீழே போய்விட்டது. இதோடு ஓய்வுநிலைத் துடிப்பும் மெல்ல ஏறி, வழக்கமான வேகத்தில் ஓடவே மூச்சு வாங்கினால், அங்கேதான் பயிற்சியைக் குறைக்க வேண்டும். இப்படி ஒரு வாரத்தை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதில்லை, "ரிஸ்க் வேண்டாம்" என்று எழுதவும் யாரும் வருவதில்லை. எனக்கு இதுதான் ஆற்றாமை.

என் அப்பாவுக்குப் பிரஷர். மெஷின் வாங்கிய புதிதில் ஒரு நாள் 160 காட்டிவிட்டால் போதும், உடனே மறுபடி பார்ப்பார், 168. இன்னொரு தரம், 172. பயமே பிரஷரை ஏற்றியது. டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. "ஒரு வாரம் காலையும் மாலையும் உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோனபோது முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடுத்தார். மாத்திரையை அந்தச் சராசரியை வைத்துத்தான் மாற்றினார். அப்பா இன்றைக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டு போகிறார். வாட்ச் எண்ணுக்கும் அதே மரியாதையைத்தான் கேட்கிறேன்.

"நாற்பதாயிரம் கொடுத்து வாங்கிய வாட்ச் சொல்வதைக் கேட்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அந்த வாட்ச்சே ஒரு ராத்திரியை நம்புவதில்லை. கார்மின் வாட்ச்சை எடுத்துக்கொண்டால், சுமார் மூன்று வாரம் தொடர்ந்து கட்டிக்கொண்டு தூங்கினால்தான் உங்கள் எல்லை என்ன என்றே அது காட்டும். அதற்குப் பிறகும் எச்.ஆர்.வி. நிலையை ஏழு நாள் சராசரியை வைத்துத்தான் சொல்லும். அந்த வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்தால் எப்படி? இன்னொருவர் "எனக்கெல்லாம் 80க்குக் கீழே போனதே இல்லை" என்று எழுதியிருந்தார். அவர் கட்டியிருப்பது ஆப்பிள் வாட்ச். அது காட்டுவது எஸ்.டி.என்.என். என்ற வேறு கணக்கு, எடுக்கும் நேரமும் வேறு. அவருடைய 80ஐ இவளுடைய 45ஓடு ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. ஒரே வாட்ச்சாக இருந்தாலும் வயது, மரபு என்று ஆளுக்கு ஆள் மாறும். உயர்ந்த எண் என்றாலே நல்லது என்பதும் இல்லை. இடையில் ஒரு துடிப்பு தாளம் தவறினாலும், பட்டை தளர்ந்து, வாட்ச்சின் அடியில் துடிப்பை அளக்கும் பச்சை விளக்கு சரியாகப் படிக்காவிட்டாலும் எண் திடீரென்று எகிறும்.

"எச்.ஆர்.வி. பார்த்துப் பயிற்சி செய்தால் பலன் உண்டு என்று ஆராய்ச்சியே இருக்கிறதே" என்று ஒருவர் சுட்டி கொடுத்தார். உண்மை. 2007இல் பின்லாந்தில் கிவினியெமியும் சகாக்களும் செய்தது நல்ல ஆய்வு. ஆனால் அவர்கள் ஒவ்வொருவரின் எண்ணையும் அவரவருடைய 10 நாள் சராசரியோடும் வழக்கமான ஏற்ற இறக்கத்தோடும் ஒப்பிட்டார்கள். இறங்கியிருந்தால் அன்றைய கடினப் பயிற்சிக்குப் பதில் மெதுவான பயிற்சி அல்லது ஓய்வு. அது பயிற்சி நாளுக்கான விதி. கடினப் பயிற்சியை நாளைக்குத் தள்ளலாம், ஒன்றும் குறையாது. போட்டியை நாளைக்குத் தள்ள முடியுமா?

"ஏதாவது ஆகியிருந்தால் நீங்கள் பொறுப்பா? நீங்கள் டாக்டரா?" நான் டாக்டர் இல்லை. காய்ச்சலோடு ஓடக் கூடாது, இதயத் தசையில் அழற்சி வரலாம் என்பது எனக்கும் தெரியும். நெஞ்சு வலி, மயக்கம், படபடவென்று தாளம் தப்பும் துடிப்பு என்றால் வாட்ச் பச்சை காட்டினாலும் ஓடக் கூடாது. அதனால்தான் முதலில் அதைக் கேட்டேன். போன வருஷம் எனக்கு வைரஸ் காய்ச்சல் வந்தபோது எச்.ஆர்.வி. அடுத்தடுத்த காலைகளில் இறங்கியது, ஓய்வுநிலைத் துடிப்பு எட்டு ஏறியது, தொண்டை கரகரத்தது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டின, ஷூவைத் தொடவே இல்லை. அவளுக்கு அன்று கை காட்டியது ஒன்றே ஒன்று, அதற்கும் காரணம் கண்முன்னே இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழுவில் இருக்கும் ஆண்களுக்கு இது தோன்றியே இருக்காது. பல பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தின நாட்களில் எச்.ஆர்.வி. தானாகவே கொஞ்சம் இறங்கும், ஓய்வுநிலைத் துடிப்பு சில எண்கள் ஏறும், வந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும். போன வாரத்தோடு ஒப்பிட்டால் உடம்பு மோசமாவது போலத் தெரியும். போன மாதத்தின் அதே நாட்களோடு ஒப்பிட்டால்தான் ஒன்றுமில்லை என்று தெரியும். அறிவுரை சொன்னவர்களில் ஒருவர்கூட அவளிடம் "நேற்று எப்போது தூங்கினாய்" என்றுகூடக் கேட்கவில்லை. இதை எங்கே கேட்கப்போகிறார்கள்?

2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு ஆய்வு நடந்தது. தூக்கமின்மை உள்ளவர்களுக்குக் கையில் ஒரு கருவியைக் கட்டி, உண்மையில் எப்படித் தூங்கினார்கள் என்பதைக் கணக்கிலேயே எடுக்காமல், சிலருக்கு "நன்றாகத் தூங்கினீர்கள்" என்றும் சிலருக்கு "மோசமாகத் தூங்கினீர்கள்" என்றும் காட்டினார்கள். மோசம் என்று காட்டப்பட்டவர்கள் அன்று அதிகம் சோர்ந்துபோனார்கள். அவளும் எழுந்தபோது நன்றாகத்தான் இருந்தாளாம். ஸ்கோரைப் பார்த்த பிறகுதான் கால் கனத்தது என்று என்னிடம் சொன்னாள். அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், முதலில் எழுந்து பல் தேய்த்து, நாலு எட்டு நடந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். வாட்ச்சை அப்புறம் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லையா, கடினப் பயிற்சி என்றால் லேசாக்கிக்கொண்டு, அடுத்த காலையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நீங்கள் கோபத்தில் எழுதுகிறீர்கள் என்பீர்கள். ஆமாம், கோபம்தான். வீட்டில் "இந்த வயதில் எதற்கு ஓட்டம்" என்று கேட்டவர்களை எல்லாம் சமாளித்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவதற்கு முன்னால் இருட்டில் வந்து ஓடியவள் அவள். "வேண்டாம்" என்று சொல்வது எழுதுகிறவர்களுக்குச் சுலபம். தவறாகப் போனால் யாரும் அவர்களைக் கேட்கப் போவதில்லை. அவளை ஓடச் சொன்ன நான் பொறுப்பில்லாதவள். உட்காரச் சொன்னவர்கள் எல்லாம் அக்கறை உள்ளவர்கள். போட்டியே ஓடாத அவளுக்கு மறுநாள் ராத்திரி எச்.ஆர்.வி. 47. அதை யாராவது விசாரித்தீர்களா?

இதற்குக் கீழேயும் "ரிஸ்க் வேண்டாம்" என்று எழுத வருகிறவர்கள், முதலில் உங்கள் ஏழு நாள் சராசரியைப் போட்டுவிட்டு எழுதுங்கள். அதை வைத்துப் பேசலாம், நான் இருக்கிறேன்.